இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று: மூன்று வாசல் நாட்காட்டி

ஆடு சினைப்பட்டுக் குட்டி போட ஏறக்குறைய 150 நாள் எடுக்கும். சில ஆடுகளில் ஐந்து நாள்வரை முந்தலாம் அல்லது பிந்தலாம். இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று வேண்டுமென்றால் ஓர் ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் எட்டு மாதம், அதாவது 243 நாள்தான் இருக்கும். 243இல் 150 போனால் மீதி 93. குட்டி போட்ட நாளிலிருந்து திரும்பச் சினைப்படும் நாள்வரை ஆட்டுக்குக் கிடைக்கும் காலம் அவ்வளவுதான். அதற்குள் அது குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும், கருப்பை பழைய நிலைக்கு வரவேண்டும், இழந்த சதையைப் பிடிக்க வேண்டும், கிடாய்க்குக் கத்தவும் வேண்டும்.

“மூன்று ஈற்று எடுத்தால் ஆடு தேய்ந்துபோகும்” என்று சொல்வார்கள். அந்த 93 நாளையும் ஆட்டின் போக்கிலேயே விட்டால் அது உண்மைதான். குட்டியை நான்கு மாதம் தாயோடு விட்டு, கிடாயையும் மந்தையோடு விட்டால், தாய் பால் கொடுத்தபடியே சினைப்படும். தின்பதெல்லாம் பாலுக்குப் போய்விடும், வயிற்றுக் குட்டிக்குத் தன் உடம்பை உருக்கிக் கொடுக்கும். இரண்டாவது ஈற்றில் குட்டி சிறுத்துப் பிறக்கும், மூன்றாவதில் பால் இருக்காது. ஈற்றின் எண்ணிக்கையைவிட, எந்த நிலையில் இருக்கும் ஆட்டை, எந்த மாதத்தில் கிடாய்க்கு விட்டோம் என்பதுதான் ஆட்டைத் தேய்ப்பதையோ காப்பதையோ தீர்மானிக்கிறது.

முதலில் மாதத்தைப் பார்ப்போம்.

எட்டு மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும் ஆடு, காலம் தவறாமல் நடந்தால், எப்போதும் அதே மூன்று மாதங்களில்தான் குட்டி போடும். ஜனவரியில் தொடங்கினால் செப்டம்பர், மே, திரும்ப ஜனவரி. மார்ச்சில் தொடங்கினால் நவம்பர், ஜூலை, மார்ச். ஏப்ரலில் தொடங்கினால் டிசம்பர், ஆகஸ்ட், ஏப்ரல். பெப்ரவரியில் தொடங்கினால் ஒக்டோபர், ஜூன், பெப்ரவரி. இப்படி நான்கு வரிசைகள்தான் இருக்கின்றன, ஐந்தாவது கிடையாது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இந்த நான்கில் ஒன்றைத் தெரிவது கடினமல்ல. எங்கள் மாரி மழை நவம்பர், டிசம்பர், ஜனவரியில்தான் அடித்துப் பெய்யும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஆடுகள் ஆண்டு முழுவதும் சினைப்பருவத்துக்கு வரும். குளிர் நாட்டு ஆடுகளைப்போல அவற்றுக்குத் தனிப் பருவம் இல்லை. ஆனால் குட்டிக்குப் பருவம் உண்டு. வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும் கொட்டிலில் பிறந்த குட்டி நனைந்து, விறைத்து, பால் குடிக்கத் தெம்பில்லாமல் முதல் இரண்டு நாளிலேயே போய்விடும். தப்பியதைச் சளியும் வயிற்றோட்டமும் பிடிக்கும். 2011 ஜனவரி வெள்ளம்போல ஒன்று வந்தால், சினை முற்றிய ஆட்டையும் பிறந்த குட்டியையும் மேட்டுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. முதல் வரிசை ஜனவரியில் விழுகிறது, இரண்டாவது நவம்பரில், மூன்றாவது டிசம்பரில். மாரியின் மூன்று மாதத்தையும் தவிர்க்கும் ஒரே வரிசை பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர்தான்.

குட்டி போடும் மாதத்திலிருந்து ஐந்து மாதம் பின்னுக்கு எண்ணினால் கிடாய்க்கு விடும் மாதம் வரும். பெப்ரவரிக்குட்டிக்கு செப்டம்பர், ஜூன்குட்டிக்கு ஜனவரி, ஒக்டோபர்க்குட்டிக்கு மே. ஆகவே ஆண்டில் மூன்று வாசல் திறக்கும்: ஜனவரி, மே, செப்டம்பர். மற்ற ஒன்பது மாதமும் கிடாய் தனியே நிற்க வேண்டும். ஒரு வாசலில் தயாராகாத ஆட்டை இடையில் விடாமல் அடுத்த வாசல்வரை நான்கு மாதம் வைத்திருக்க வேண்டும். இந்த நாட்காட்டியின் முழு விதியும் இதுதான்.

ஹஜ்ஜுப் பெருநாள் விற்பனையை வைத்துக் குட்டி மாதத்தைக் குறிக்கப் பலர் நினைப்பார்கள். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும், மழை அப்படி நகராது. நாட்காட்டியை மழைக்கே கட்டுங்கள். பெருநாளுக்கு எந்தக் கிடாய்களை நிறுத்திவைப்பது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஓர் ஆட்டின் கணக்கு

28 கிலோ எடையுள்ள ஒரு கலப்பு ஜமுனாபாரி ஆடு 2026 பெப்ரவரி 10இல் இரண்டு குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இது இரண்டாவது ஈற்று.

முதல் இரண்டு மாதம் எல்லாம் பாலுக்குத்தான். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்து வயல் மேய்ச்சலுக்குத் திறக்கும் காலம் இது, வரம்புகளில் பச்சை நிற்கும். இரண்டு குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆட்டுக்கு அது மட்டும் போதாது. மாலையில் கட்டும் குழையோடு ஒரு நாளைக்கு 400 கிராம் கலப்புத்தீன் கொடுங்கள். பத்துக் கிலோ தீனுக்கு உடைத்த சோளன் 4 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 3 கிலோ, தவிடு 3 கிலோ, கனியுப்புக் கலவை 150 கிராம், கறியுப்பு 75 கிராம். புதிதாகத் தொடங்கும்போது 100 கிராமில் ஆரம்பித்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டுங்கள். ஒரே நாளில் அள்ளி வைத்தால் சோளன் வயிற்றில் புளித்து, ஆடு தின்னாமல் படுத்துவிடும்.

குட்டிகள் மூன்றாவது வாரத்திலேயே தின்னப் பழக வேண்டும். கொட்டிலின் ஒரு மூலையைக் கம்பு வைத்து மறித்து, குட்டி நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். உள்ளே ஒரு பிடி தீனும் இளங்குழையும் தண்ணீரும் வையுங்கள். 45ஆம் நாளிலிருந்து இரவில் தாயைப் பிரித்துக் கட்டலாம். பால் மறக்கச் செய்வதற்கு வயதை மட்டும் பார்க்கக் கூடாது. 2 கிலோவில் பிறந்த குட்டி 6 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு பிடித் தீனைத் தானே தின்று முடிக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் 68ஆம் நாளில், ஏப்ரல் 19இல், முழுதாகப் பிரிக்கலாம். தாயின் குரல் எட்டாத தூரம் கிடைத்தால் நல்லது.

பிரித்த பிறகு மூன்று நான்கு நாளைக்குத் தாயின் கலப்புத்தீனை நிறுத்துங்கள். பால் வற்றத் தீனை நிறுத்தினால் போதும், தண்ணீரை நிறுத்தக் கூடாது. மடி இறுகும், பிறகு தளரும். ஒரு பக்கம் மட்டும் சூடாக, கல்லுப்போல இருந்தாலோ, பீய்ச்சினால் திரளை வந்தாலோ அது மடிவீக்கம். அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏப்ரல் 24, அதாவது 73ஆம் நாளிலிருந்து திரும்பத் தீன் தொடங்கும். இந்த முறை அது ஆட்டின் உடம்புக்கு. ஒரு நாளைக்கு 250 கிராம், சுமார் மூன்று வாரம். சதை ஏறிக்கொண்டிருக்கும் ஆடு தெளிவாகப் பருவத்துக்கு வரும், இரண்டு முட்டை விடும் வாய்ப்பும் கூடும். புழு மருந்து கொடுப்பதும் இப்போதே. கண் இமையை மெல்லக் கீழிழுத்துப் பாருங்கள். உள்பக்கம் செம்பருத்திபோலச் சிவந்திருந்தால் மருந்துக்கு அவசரமில்லை. வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு நிறைய இருக்கிறது. அல்பென்டசோலைக் கிடாய்க்கு விட்ட முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது, வயிற்றுக் கருவை அது கெடுக்கும். வாசல் திறக்கு முன்பே மருந்து வேலையை முடிப்பது அதனால்தான்.

மே 3ஆம் தேதி, 82ஆம் நாளில், கிடாயைக் கொண்டுவாருங்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் கிடாயின் மணமும் சத்தமும் எட்டாமல் இருந்த ஆடுகள், திடீரென்று அது பக்கத்தில் வந்ததும் ஒரு வாரம் பத்து நாளுக்குள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்துவிடும். கிடாயை ஒன்பது மாதம் தனியே வைப்பதில் கிடைக்கும் இரண்டாவது இலாபம் இது. முதலில் கத்திய ஆடு ஐந்தாறு நாளில் திரும்பக் கத்தினால் பயப்பட வேண்டாம். இப்படித் தூண்டி வரும் முதல் பருவம் பல ஆடுகளில் குறுகியது, அடுத்ததில்தான் சினை பிடிக்கும். அப்போது திரும்ப விடுங்கள்.

பருவத்துக்கு வந்த ஆடு வாலை விடாமல் ஆட்டும், காரணமில்லாமல் கத்தும், தீனில் கவனமிருக்காது, மற்ற ஆட்டின்மேல் ஏறும். குறி வீங்கிச் சிவக்கும். தொடக்கத்தில் ஒழுகும் சளி தெளிவாக, நீர்த்து இருக்கும். பிறகு வெள்ளையாகக் கெட்டிப்படும். முட்டை வெளிவருவது பருவத்தின் கடைசிப் பகுதியில் என்பதால், காலையில் கண்டால் மாலையில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் விடுவது சரி. மே 13இல் விட்டதாக எழுதிக்கொள்வோம். 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை அந்த ஆட்டைத் தினமும் கவனியுங்கள். பருவம் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும். திரும்பக் கத்தாவிட்டால் பெரும்பாலும் சினை.

விட்ட தேதிக்கு ஐந்து மாதம் கூட்டி மூன்று நாள் கழித்தால் குட்டி போடும் நாள் கிட்டத்தட்ட வந்துவிடும். மே 13க்கு ஒக்டோபர் 10. அதிலிருந்து 92 நாள் கழித்து, 2027 ஜனவரி 10இல், திரும்பக் கிடாய். ஜூன் 9இல் குட்டி. செப்டம்பர் 9இல் கிடாய். 2028 பெப்ரவரி 6இல் குட்டி. தொடங்கிய பெப்ரவரியிலிருந்து இந்தப் பெப்ரவரிக்குள் மூன்று ஈற்று.

எந்த ஆட்டை நிறுத்துவது

மேலே உள்ள கணக்கு எல்லா ஆட்டுக்கும் அப்படியே நடக்காது. நடக்க வேண்டுமென்று வற்புறுத்துவதுதான் ஆட்டைக் கொல்லும். 60ஆம் நாளில், பால் மறக்கச் செய்வதற்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வோர் ஆட்டையும் கையால் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஏமாற்றும், மயிரும் பருத்த வயிறும் மெலிவை மறைத்துவிடும்.

கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால், முதுகெலும்பின்மேல் உள்ளங்கையை வைத்து விரல்களால் இரண்டு பக்கமும் அழுத்துங்கள். பிறகு முன்னங்கால்களுக்கு இடையில் நெஞ்செலும்பைத் தடவுங்கள். ஒப்பிட உங்கள் கையே போதும். முஷ்டியை மடக்கி விரல் மொளிகளைத் தடவினால் எலும்பு கூராகத் தட்டுப்படும். முதுகு அப்படி இருந்தால் ஆடு மிக மெலிவு. அதே முஷ்டியில், மொளிக்கும் அடுத்த மூட்டுக்கும் இடையிலுள்ள தட்டையான பகுதியைத் தடவுங்கள். எலும்பு இருப்பது தெரியும், கூர் இருக்காது. கிடாய்க்கு விடும் ஆட்டின் முதுகு அப்படித்தான் இருக்க வேண்டும். ஐந்து படியில் இதை மூன்றாம் படி என்பார்கள்.

60ஆம் நாளில் மூன்றாம் படியில் இல்லாதது குற்றமல்ல. இரண்டரையில் இருந்தால் மீதி ஒரு மாதத் தீனில் ஏறிவிடும். இரண்டோ அதற்குக் கீழோ இருந்தால் ஏறாது. அந்த ஆடு இந்த வாசலைத் தவறவிடட்டும். மூன்று குட்டி போட்ட ஆடும், இளங்கொடி தங்கிக் காய்ச்சல் கண்ட ஆடும், மடிவீக்கம் வந்த ஆடும் கையில் நன்றாகத் தெரிந்தாலும் ஒரு வாசல் காத்திருப்பது நல்லது. தலையீற்று ஆட்டை எந்தக் காரணத்துக்காகவும் 92ஆம் நாளில் விடாதீர்கள். அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஆடு. 28 கிலோவுக்கு வளரக்கூடிய மறியை 20 கிலோ ஆனபின் செப்டம்பரில் விட்டால் பெப்ரவரியில் தலையீற்று. பிறகு மே வாசலை விட்டு, அடுத்த செப்டம்பரில். மூன்று ஈற்றுக் கணக்கு இரண்டாவது ஈற்றிலிருந்துதான் தொடங்கும்.

வாசலைத் தவறவிட்ட ஆடு கணக்கிலிருந்து விழுந்துவிடாது என்பதுதான் இந்த முறையின் பலம். பெப்ரவரியில் குட்டி போட்டு மே மாதத்தில் தயாராகாத ஆட்டைச் சிலர் ஜூனில் சினைப்படுத்துவார்கள். குட்டி நவம்பரில், அடைமழையில் பிறக்கும். ஜூலையில் விட்டால் டிசம்பர், ஆகஸ்டில் விட்டால் ஜனவரி. மே வாசலுக்கு ஜூன் 3ஆம் தேதிதான் எல்லை, அப்போது சினைப்பட்டாலும் குட்டி ஒக்டோபர் கடைசியில் வந்துவிடும். அதைத் தாண்டினால் செப்டம்பர்வரை வைத்திருங்கள். அடுத்த பெப்ரவரியில் நல்ல குட்டி போட்டு, அதே வரிசையில் வந்து நிற்கும்.

ஆறு ஆடு வைத்திருப்பவருக்கு இரண்டு ஆண்டில் நான்கு ஆடு மூன்று ஈற்றும், இரண்டு ஆடு இரண்டு ஈற்றும் போட்டால் 16 ஈற்று. ஆண்டுக்கு ஒன்று என்றால் 12தான். ஆறையும் வற்புறுத்தி 18 எடுக்கப் போனால், அந்த மேலதிக இரண்டு ஈற்றில் வரும் சவலைக்குட்டியும் மறு ஆண்டில் நிற்கும் மலட்டு ஆடும் கணக்கைத் திருப்பிவிடும்.

மிகவும் வருத்தும் சினை

மூன்று சினையில் மே முதல் ஒக்டோபர்வரை சுமக்கும் சினைதான் ஆட்டை அதிகம் வருத்தும். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில். அது ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் முதல் வாரம்வரை வருகிறது. கச்சான் காற்று அடித்துப் புல் காய்ந்து, மேய்ச்சலில் தூசிதான் மிஞ்சியிருக்கும் காலம். ஆடு காலையிலிருந்து மாலைவரை நடந்து, தின்றதைவிட அதிகம் செலவழித்துத் திரும்பும்.

ஆகவே இதற்கான தீன் மே மாதத்திலேயே தொடங்க வேண்டும். வேலிக்குக் கிளிசெரியா நட்டிருந்தால், ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல், வேலியை எட்டுத் துண்டாகப் பிரித்து வாரம் ஒரு துண்டு வெட்டுங்கள். முதல் துண்டுக்குத் திரும்ப வரும்போது துளிர்த்திருக்கும். வறட்சியில் துளிர் பிந்தினால் முள்முருக்கு, பலா, பூவரசு, இப்பில்-இப்பில் என்று மாற்றிக் கட்டலாம். கிளிசெரியாவை வெட்டியவுடன் முகர்ந்துவிட்டுப் போகும் ஆடு, சில மணி நேரம் வாடவைத்தால் தின்னும். கச்சான் பயிரிடும் பக்கங்களில் கொடியைக் காயவைத்து மழை படாமல் பரணில் ஏற்றுங்கள், அது நல்ல தீன். வைக்கோல் மட்டும் போட்டால் வயிறு நிறையும், சினை ஆடு மெலியும். கடைசி ஆறு வாரம் ஒரு நாளைக்கு 300 கிராம் கலப்புத்தீன் என்றால் ஓர் ஆட்டுக்கு 12 கிலோ அறுநூறு கிராம், ஆறு ஆட்டுக்கு 76 கிலோ அளவில் வரும். அதைச் சேர்க்க வழியில்லாவிட்டால், மே மாதத்தில் சேர்த்து வைக்கக்கூடிய தீனுக்கு எத்தனை ஆடு தாங்குமோ அத்தனையை மட்டும் கிடாய்க்கு விடுங்கள்.

கடைசி மாதத்தில், இரட்டைக்குட்டி சுமக்கும் ஆடு தீனை விட்டு ஒதுங்கி நின்று, மந்தமாகி, மூச்சில் ஒரு இனித்த வாடை வந்தால், அது பசியில் உடம்புக் கொழுப்பை எரிக்கிறது. அடுத்த நாள்வரை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே வைத்தியரை அழையுங்கள். படுத்துவிட்ட பிறகு காப்பாற்றுவது அரிது.

ஒக்டோபரில் பிறந்த குட்டி மாரி தொடங்கும்போது ஒரு மாதத்தை நெருங்கியிருக்கும். வடகிழக்குப் பக்கத்தைத் தரைவரை மறையுங்கள், பரண்தளம் காய்ந்திருக்கட்டும். கடும்புப்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்த குட்டி அந்த மாரியைத் தாங்கும். அந்தக் காலத்தில் வயலெல்லாம் வெள்ளாமையாக நிற்பதால் ஆடு கட்டியே நிற்கும், ஆனால் குழைக்குப் பஞ்சமில்லை. ஜனவரி வாசலுக்கு ஆட்டைத் தேற்ற இது உதவும்.

இப்போது கையில் இருக்கும் ஆடுகளை வாசலுக்குக் கொண்டுவருதல்

பட்டியிலுள்ள ஆடுகள் இப்போது கண்டபடி குட்டி போடுகின்றன என்றால், முதல் வேலை கிடாயைப் பிரிப்பது. மூன்று மாதம் கடந்த கிடாய்க்குட்டிகளையும் பிரித்துவிடுங்கள். நான்காவது மாதத்திலேயே அவை தாயையும் உடன்பிறந்த மறியையும் சினைப்படுத்திவிடும். பிறகு ஒவ்வோர் ஆடும் கடைசியாகக் குட்டி போட்ட தேதியிலிருந்து 92 நாளை எண்ணி, அதற்கு அடுத்து வரும் வாசலை எழுதுங்கள். டிசம்பர் 20இல் குட்டி போட்ட ஆட்டுக்கு 92ஆம் நாள் மார்ச் 22, அதற்கு மே வாசல். மார்ச் 20இல் குட்டி போட்டதற்கு ஜூன் 20, அதற்கு செப்டம்பர். ஆகஸ்ட் 10இல் குட்டி போட்டதற்கு நவம்பர் 10, அதற்கு ஜனவரி. சில ஆடுகள் இரண்டு மாதம் சும்மா நிற்பதுபோலத் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் அவை சதை பிடிக்கும், அதன்பின் அவற்றின் குட்டிகள் பெப்ரவரி, ஜூன், ஒக்டோபரில் மட்டுமே பிறக்கும்.

கொட்டில் தூணில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டு, ஓர் ஆட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குட்டி போட்ட தேதி, எத்தனை குட்டி, 60ஆம் நாள் கைக்கணக்கு, பால் மறந்த தேதி, கிடாய்க்கு விட்ட தேதி, திரும்பக் கத்தியதா என்ற ஆறு விடயம் போதும். ஒரே ஆட்டின் பக்கத்தில் 60ஆம் நாள் கைக்கணக்கு ஒவ்வோர் ஈற்றிலும் இறங்கிக்கொண்டே வந்தால், அடுத்த வாசலில் அதை விடாதீர்கள், அது இன்னும் இரண்டரையில் நின்றாலும் சரி.